எலோ ரேட்டிங்: ஓர் ஆட்டம் எத்தனை புள்ளியை அசைக்கும்?

சதுரங்க ஆட்டக்காரரின் ரேட்டிங், அவர் இதுவரை சேர்த்து வைத்த மதிப்பெண்களின் கூட்டுத்தொகை அல்ல. அவருடைய ஆட்ட பலம் ஏறத்தாழ இவ்வளவு இருக்கும் என்று பழைய முடிவுகளைக் கொண்டு போடப்படும் ஒரு கணிப்பு அது. ஒவ்வொரு புதிய முடிவும் அந்தக் கணிப்பைச் சற்றே திருத்துகிறது. கணிப்பும் முடிவும் ஒத்துப்போனால் திருத்தம் சிறியது, ஒத்துப்போகாவிட்டால் பெரியது. அதனால்தான் வென்றவர்கள் எல்லாருக்கும் ஒரே அளவு புள்ளி ஏறுவதில்லை. ஒரு தொடரையே வென்றவருக்கு ரேட்டிங் குறைவதும் உண்டு.

இந்த முறையை உருவாக்கியவர் ஆர்பட் எலோ. ஹங்கேரியில் பிறந்து, அமெரிக்காவின் மில்வாக்கி நகரிலுள்ள மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்தவர். தாமே தேர்ந்த சதுரங்க ஆட்டக்காரர். அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960இலும், உலகக் கூட்டமைப்பான ஃபிடே 1970இலும் அவருடைய முறையை ஏற்றன. நுணுக்கங்கள் பலமுறை மாறியிருந்தாலும் கணக்கின் அடித்தளம் இன்றும் அதுவேதான்.

எதிர்பார்ப்பு என்னும் முதல் எண்

சதுரங்கத்தில் வெற்றிக்கு 1, டிராவுக்கு 0.5, தோல்விக்கு 0. ஒரே பலமுள்ள இருவர் நூறு ஆட்டங்கள் ஆடினால் ஆளுக்கு 50 புள்ளி கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம். அதாவது ஓர் ஆட்டத்துக்கு 0.50. ஒருவர் மற்றவரைவிட 100 ரேட்டிங் புள்ளி மேலே இருந்தால் இந்த எதிர்பார்ப்பு அவருக்கு 0.64, எதிராளிக்கு 0.36 ஆகிறது. வித்தியாசம் 200 என்றால் 0.76க்கு 0.24. 400 என்றால் 0.92க்கு 0.08. ஃபிடே இந்த எண்களை ஓர் அட்டவணையாகவே அச்சிட்டு வைத்திருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, கணக்கில் வருவது வித்தியாசம் மட்டுமே என்பது. 1500க்கும் 1600க்கும் இடையில் நடக்கும் ஆட்டத்துக்கும், 2600க்கும் 2700க்கும் இடையில் நடக்கும் ஆட்டத்துக்கும் எதிர்பார்ப்பு ஒன்றே. 2000 என்ற எண்ணுக்குத் தனியாக நின்றால் எந்தப் பொருளும் இல்லை. இன்னொருவரின் ரேட்டிங்கோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் அது பேசுகிறது.

ஆட்டம் முடிந்ததும் செய்யும் கணக்கு

ஆட்டம் முடிந்தபின் செய்ய வேண்டியது ஒரு கழித்தலும் ஒரு பெருக்கலும்தான்.

```
மாற்றம் = கே × (எடுத்த புள்ளி − எதிர்பார்த்த புள்ளி)
```

அடைப்புக்குள் இருப்பது, முடிவு எவ்வளவு எதிர்பாராதது என்பதன் அளவு. வெளியே நிற்கும் ‘கே’, அந்த ஓர் ஆட்டத்துக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதைத் தீர்மானிக்கும் எண். ஃபிடேயின் வழக்கமான நேரக் கட்டுப்பாட்டுப் போட்டிகளில் புதியவர்களுக்குக் கே 40. முப்பது ஆட்டங்களை முடித்தபின் 20. ஒருமுறை 2400ஐத் தொட்டுவிட்டால் 10. பிறகு ரேட்டிங் கீழே இறங்கினாலும் அந்த 10 மாறாது. பதினெட்டு வயது நிறையும் ஆண்டின் இறுதிவரை, ரேட்டிங் 2300க்குக் கீழ் இருக்கும் எல்லா இளையோருக்கும் எத்தனை ஆட்டம் ஆடியிருந்தாலும் 40தான்.

கே 10 என்றால் ரேட்டிங் எவ்வளவு மெதுவாக நகரும் என்பதற்கு, 2024 நவம்பர், டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டி நல்ல உதாரணம். சென்னையைச் சேர்ந்த குகேஷின் ரேட்டிங் 2783. சீனாவின் டிங் லிரெனுக்கு 2728. வித்தியாசம் 55. அட்டவணைப்படி குகேஷின் எதிர்பார்ப்பு ஓர் ஆட்டத்துக்கு 0.58. எனவே அவர் வென்றால் 4.2 புள்ளி ஏறும். டிரா செய்தால் 0.8 இறங்கும், தோற்றால் 5.8 இறங்கும். பதினான்கு ஆட்டங்களில் அவர் மூன்றில் வென்றார், இரண்டில் தோற்றார், ஒன்பது டிரா. வெற்றிகளால் வந்தது 12.6. டிராக்களால் போனது 7.2, தோல்விகளால் போனது 11.6. மொத்தத்தில் 6.2 புள்ளி நட்டம். 7.5க்கு 6.5 என்று வென்று உலக சாம்பியன் ஆனவரின் ரேட்டிங் 2777க்கு இறங்கியது. பட்டத்தை இழந்த டிங்கின் ரேட்டிங் 2734க்கு ஏறியது.

இதில் முரண் ஏதும் இல்லை. 14 ஆட்டங்களில் குகேஷிடம் எதிர்பார்க்கப்பட்டது 8.12 புள்ளி, அவர் எடுத்தது 7.5. பட்டம் யாருக்கு என்பதை ரேட்டிங் கணக்குப் பார்ப்பதே இல்லை.

இன்னொரு நடைமுறை விஷயமும் இந்த உதாரணத்தில் இருக்கிறது. முதல் ஆட்டத்துக்கும் கடைசி ஆட்டத்துக்கும் ஒரே 2783, 2728தான் பயன்பட்டன. ஃபிடே பட்டியல் மாதத்துக்கு ஒருமுறை வெளியாகிறது. ஒரு மாதத்தில் ஆடிய ஆட்டங்கள் தனித்தனியாகக் கணக்கிடப்பட்டாலும், எல்லாவற்றுக்கும் அப்போது நடப்பில் உள்ள பட்டியலின் ரேட்டிங்தான் அடிப்படை. மாற்றங்களைக் கூட்டி அடுத்த பட்டியலில் சேர்க்கிறார்கள்.

புதியவரின் முதல் எண் பிறக்கும் விதம்

கே 40 என்பது புதியவர்களின் ஊசலாட்டத்துக்கு ஒரு காரணம் மட்டுமே. அதற்கும் முன்பு, அவர்களுடைய முதல் ரேட்டிங்கே மிகக் குறைந்த சான்றில் பிறக்கிறது. ஏற்கெனவே ரேட்டிங் உள்ள ஐந்து பேரோடு ஆடியிருந்தால் போதும், முதல் எண் போட்டுவிடலாம்.

முப்பது வயதில் முதன்முறையாகப் போட்டிக்கு வரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் ஆடிய ஐந்து பேரின் ரேட்டிங் 1480, 1560, 1620, 1640, 1700. ஐந்து ஆட்டங்களில் அவர் எடுத்தது 3 புள்ளி. 2024 மார்ச்சிலிருந்து நடப்பில் உள்ள விதிப்படி, 1800 ரேட்டிங் உள்ள இரண்டு கற்பனை எதிராளிகளையும் இந்தப் பட்டியலில் சேர்த்து, அவர்களோடு அவர் டிரா செய்ததாக வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது எதிராளிகள் ஏழு பேர். அவர்களின் சராசரி 1657. எடுத்த புள்ளி ஏழுக்கு 4, அதாவது 57 சதவீதம். அந்த விழுக்காட்டுக்கு ஃபிடே அட்டவணை 50 புள்ளி கூட்டச் சொல்கிறது. முதல் ரேட்டிங் 1707.

அதே ஐந்து ஆட்டங்களில் ஒன்றே ஒன்று மாறியிருந்தால்? கடைசிச் சுற்றில் வென்றதற்குப் பதில் தோற்றிருந்தால், ஏழுக்கு 3 என்றாகி, 50 புள்ளி கழிக்கப்பட்டு, ரேட்டிங் 1607 ஆகியிருக்கும். ஒரே ஆட்டத்தின் முடிவில் தொங்குவது 100 புள்ளி. கற்பனை எதிராளிகள் இல்லாமல் கணக்கிட்டிருந்தால் இந்த இடைவெளி 144. அந்த இருவரையும் சேர்ப்பதன் பயன் இதுதான்: சில ஆட்டங்களில் அடித்த அதிர்ஷ்டமோ துரதிர்ஷ்டமோ முதல் எண்ணை ஒரு கோடிக்கு இழுத்துவிடாமல் அவர்கள் நடுப்பக்கம் பிடித்து நிறுத்துகிறார்கள். அப்படியும் 100 புள்ளி ஆட்டம் மிஞ்சுகிறது.

கிரிக்கெட் சராசரியைப் பின்தொடர்பவர்களுக்கு இது பழகிய சங்கதி. முதல் இன்னிங்ஸில் 90 அடித்து அவுட்டானவரின் சராசரி 90. அடுத்ததில் டக் அவுட் ஆனால் 45. நூறு முறை அவுட்டாகி 40 சராசரி வைத்திருப்பவர் டக் அவுட் ஆனால் அரைப் புள்ளிகூடக் குறையாது. இருவர் செய்ததும் ஒன்றுதான். பின்னால் நிற்கும் சான்றின் அளவு வேறு.

முதல் முப்பது ஆட்டங்கள்

1707இல் தொடங்கியவர் அடுத்து 1807 உள்ள ஒருவரோடு ஆடுகிறார். அவருடைய எதிர்பார்ப்பு 0.36. வென்றால் 0.64ஐ 40ஆல் பெருக்க, 25.6 புள்ளி ஏறும். டிரா என்றால் 5.6 ஏறும். தோற்றால் 14.4 இறங்கும். இதே ஆட்டத்தைக் கே 20 உள்ளவர் ஆடி வென்றால் கிடைப்பது 12.8, கே 10 உள்ளவருக்கு 6.4. பதினான்கு ஆட்டங்கள் ஆடி உலக சாம்பியன் இழந்ததைப் போல நான்கு மடங்கை, உள்ளூர்ப் போட்டியின் ஒரே சுற்றில் புதியவர் ஈட்டிவிடுகிறார்.

ஒரு முழுப் போட்டியாகப் பார்த்தால் அசைவு இன்னும் தெளிவு. ஒன்பது சுற்றுப் போட்டி ஒன்றில் அவரிடம் எதிர்பார்க்கப்பட்டது 4.5 புள்ளி, எடுத்தது 6. கூடுதல் 1.5, எனவே 60 ஏற்றம். ரேட்டிங் 1767 ஆனதால் அடுத்த மாதம் இன்னொரு ஒன்பது சுற்றுப் போட்டியில் எதிர்பார்ப்பும் 4.8க்கு உயர்கிறது, எடுத்தது 3. குறை 1.8, எனவே 72 இறக்கம். இரண்டே மாதத்தில் அவர் 1695இல் நிற்கிறார். கே 10 உள்ளவருக்கு இதே ஏற்ற இறக்கம் 15, 18 என்ற அளவில் முடிந்திருக்கும்.

இது எல்லை மீறிப் போகாமல் இருக்க ஒரு தடுப்பும் உண்டு. ஒரு பட்டியல் காலத்தில் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கேயால் பெருக்கினால் 700ஐத் தாண்டக் கூடாது. ஒரே மாதத்தில் 18 ஆட்டங்கள் ஆடிய புதியவருக்கு 40ஆல் பெருக்கினால் 720 வரும். எனவே அந்த மாதத்துக்கு மட்டும் அவருடைய கே 38 ஆகக் குறைக்கப்படும்.

இவ்வளவு ஊசலாட விடுவது ஏன்?

எல்லாருக்கும் கே 10 என்று வைத்துவிட்டால் ஊசலாட்டம் அடங்கும். ஆனால் அப்போது தவறான ரேட்டிங்கும் தவறாகவே நீண்ட காலம் நின்றுவிடும்.

ஒருவரின் உண்மையான பலம் 1900, ரேட்டிங்கோ 1700. சரியான ரேட்டிங் உள்ள, தம் எண்ணுக்கு நெருக்கமான எதிராளிகளோடு அவர் தொடர்ந்து ஆடுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த 200 புள்ளி இடைவெளியில் பாதியைக் கடக்க, கே 40 என்றால் சராசரியாகப் பன்னிரண்டு, பதின்மூன்று ஆட்டங்கள் பிடிக்கும். கே 20 என்றால் ஏறத்தாழ 25. கே 10 என்றால் ஏறத்தாழ 50. ஆண்டுக்கு 20 ஆட்டம் ஆடும் சாதாரண ஆட்டக்காரருக்கு 50 ஆட்டம் என்பது இரண்டரை ஆண்டு. அத்தனை காலமும் அவர் எதிராளிகள் தங்களைவிடக் கீழே உள்ளவரிடம் தோற்றதாகக் கணக்கில் பதிவாகிக்கொண்டே இருக்கும்.

வேகத்துக்கு விலை உண்டு. பலம் துளியும் மாறாத ஒருவரின் ரேட்டிங்கும் ஒரே இடத்தில் நிற்பதில்லை; சில வெற்றிகள் தொடர்ந்து வரும், சில தோல்விகள் தொடர்ந்து வரும். டிரா இல்லாமல், சம பலமுள்ளவர்களோடே ஆடுவதாகக் கணக்கிட்டால், கே 10 உள்ளவரின் ரேட்டிங் காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு அவருடைய உண்மையான பலத்துக்கு மேலோ கீழோ 30 புள்ளிக்குள் இருக்கும். கே 20க்கு அந்த எல்லை சுமார் 42; கே 40க்கு சுமார் 60. டிராக்கள் கலந்தால் இவை சற்றுச் சுருங்கும். ஆக, 1707இலிருந்து 1767க்குப் போன புதியவர் உண்மையில் முன்னேறினாரா என்பதை அந்த ஒரு போட்டியை வைத்துச் சொல்லிவிட முடியாது. வெறும் தற்செயலே அந்த அளவு அசைவை உண்டாக்கும்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கே ஏன் படிப்படியாக இறங்குகிறது என்பது விளங்கும். தொடக்கத்தில் கணிப்பு நூற்றுக்கணக்கில் பிசகியிருக்கலாம். அப்போது 60 புள்ளித் தடுமாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு விரைவாகச் சரியான இடத்துக்குப் போவதே மேல். முப்பது ஆட்டம் முடிந்தபின் கணிப்பு ஓரளவு நெருங்கியிருக்கும். இனி தடுமாற்றத்தைக் குறைப்பது மேல்.

எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன ஆகிறது?

1807 உள்ளவர் புதியவரிடம் தோற்றதைத் திரும்பப் பார்க்கலாம். அவருடைய கே 20 என்றால் அவர் இழப்பது 12.8. புதியவர் பெற்றதோ 25.6. ஒருவர் இழந்ததை மற்றவர் பெறுகிறார் என்பது இருவருக்கும் ஒரே கே இருக்கும்போது மட்டுமே உண்மை. இங்கே 12.8 புள்ளி புதிதாக முளைத்திருக்கிறது. புதியவர் தோற்றிருந்தால் அதேபோலக் கொஞ்சம் மறைந்திருக்கும்.

பழையவரின் குறை வேறு. புதியவரின் பலம் உண்மையில் 1900 என்றால், அந்த ஆட்டத்தில் 1807 உள்ளவரே பலம் குறைந்தவர்; அவருக்கு நியாயமாக இறங்க வேண்டியது சுமார் 7 புள்ளி. இறங்கியதோ 12.8. இப்படிப்பட்ட எதிராளிகளை அடுத்தடுத்து சந்திப்பவரின் ரேட்டிங், ஆட்டம் மோசமாகாமலே தேய்கிறது. விரைவாக வளரும் சிறுவர்கள் நிறைந்த போட்டிகளில் இது அடிக்கடி நடக்கும். நேற்றைய ரேட்டிங்கோடு இன்றைய பலத்தில் ஆடுகிறார்கள். சுற்றியிருப்பவர்களின் புள்ளிகளை எடுத்துக்கொண்டு மேலே போகிறார்கள். இளையோருக்கு எத்தனை ஆட்டம் ஆனாலும் கே 40 என்று வைத்திருப்பதன் காரணங்களில் ஒன்று இது: அவர்களுடைய எண் அவர்களுடைய பலத்தை எட்டிப்பிடிக்கத் தாமதமாகாது.

அது மட்டும் போதவில்லை. கொரோனா காலத்தில் போட்டிகள் நின்று, ரேட்டிங் உறைந்து கிடந்தபோதும், இளையோர் இணையத்தில் ஆடி வளர்ந்துகொண்டே இருந்தார்கள். கீழ்ப்பகுதி ரேட்டிங்குகள் நெடுங்காலமாகச் சரிந்து வந்ததைச் சீராக்க, ஃபிடே 2024 மார்ச் 1 அன்று ஒரே ஒருமுறைத் திருத்தம் செய்தது. 2000க்குக் கீழே இருந்த ஒவ்வொருவருக்கும், 2000த்தை எட்டக் குறைந்த புள்ளியில் 40 சதவீதம் கூட்டப்பட்டது. 1000 இருந்தவர் 1400 ஆனார். 1500 இருந்தவர் 1700 ஆனார். 1400க்குக் கீழே ரேட்டிங் இல்லை என்ற விதியும் அன்றிலிருந்து வந்தது.

ஐயத்தையே எண்ணாக்கும் வழி

40, 20, 10 என்ற மூன்று படிகள் வசதியானவை, ஆனால் முரட்டுத்தனமானவை. முப்பதாவது ஆட்டத்துக்கும் முப்பத்தொன்றாவது ஆட்டத்துக்கும் நடுவில் ஒருவரைப் பற்றிய ஐயம் திடீரென்று பாதியாகிவிடுவதில்லை. இதைச் சரிசெய்ய அமெரிக்கப் புள்ளியியலாளர் மார்க் கிளிக்மன் 1995இல் கிளிக்கோ என்ற முறையை வகுத்தார். அதில் ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள்: ஒன்று ரேட்டிங், மற்றது அந்த ரேட்டிங் எவ்வளவு பிசகியிருக்கக்கூடும் என்ற அளவு.

புதியவர் 1500இல் தொடங்குகிறார். பிசகு அளவு 350. உறுதியான ரேட்டிங் கொண்ட, தமக்குச் சமமான எதிராளிகளைத் தொடர்ந்து மூன்று முறை வெல்கிறார் என்றால், கிளிக்மனின் சூத்திரப்படி முதல் வெற்றிக்கு 175 புள்ளி ஏறும், இரண்டாவதற்கு 116, மூன்றாவதற்கு 87. ஒவ்வோர் ஆட்டமும் ஐயத்தைக் கொஞ்சம் குறைக்க, அசைவும் தானாகச் சுருங்குகிறது. நெடுநாள் ஆடாமல் இருந்தால் பிசகு அளவு மீண்டும் வளரும். திரும்பி வருபவர் பாதிப் புதியவராகவே நடத்தப்படுவார். இணையத்தில் Chess.com கிளிக்கோ முறையையும், Lichess அதன் பின்வந்த வடிவமான கிளிக்கோ-2ஐயும் கையாளுகின்றன. அங்கே புதிதாகச் சேர்ந்தவர்களின் எண் முதல் நாளிலேயே நூறு நூறாகத் தாவுவதன் காரணம் இது. Lichess தளத்தில் பிசகு அளவு 110க்கு மேல் இருக்கும்வரை ரேட்டிங்கின் பக்கத்தில் `?` குறி நிற்கும்.

ஃபிடே பட்டியலில் அத்தகைய குறி இல்லை. ஆனால் அதன் தளத்தில் ஒவ்வோர் ஆட்டக்காரரின் பக்கத்திலும் மாதவாரிக் கணக்கு ஆட்டம் ஆட்டமாகக் கிடைக்கிறது. அங்கே `chg` என்ற பத்தி எடுத்த புள்ளியிலிருந்து எதிர்பார்ப்பைக் கழித்த மிச்சத்தையும், `K` என்பது எடையையும், `K*chg` என்பது இரண்டின் பெருக்கத்தையும் காட்டுகின்றன. `K` பத்தியில் 40 இருந்தால், பெரிய ஏற்றத்தையும் பெரிய இறக்கத்தையும் பாதி நம்பினால் போதும். முதல் முப்பது ஆட்டங்களுக்குள் உள்ள ஒருவரின் 1700 என்பது 1600க்கும் 1800க்கும் இடையில் எங்கோ என்று வாசிக்கத்தக்கது. பல நூறு ஆட்டங்கள் ஆடி, ஆண்டுக்கணக்காக அந்த எண்ணைச் சுற்றியே நிற்பவரின் 1700 அதைவிட மிக நெருக்கமான கணிப்பு.